கனவில் வந்த முருகன் மாத்திரையை நிறுத்தச் சொன்னானா?

வாசகி எழுதியது:

"எனக்கு 58 வயது. காங்கேயம் பக்கம் கிராமம். சின்ன வயதிலிருந்து முருகன்தான் எனக்கு எல்லாம். ஐந்து வாரத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து கோவையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து தினமும் மாத்திரை. வீட்டுக்காரர் கை நிறைய மாத்திரை சாப்பிட்டும் இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பு. கந்த சஷ்டி விரதத்தின் நான்காம் நாள், விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கனவு. குழந்தை முருகன் ஓடி வந்து என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, மாத்திரையை எல்லாம் கிணற்றில் கொட்டினான். என் கையில் விபூதியை வைத்து, 'இது போதும் அம்மிச்சி' என்றான். அழுதுகொண்டே எழுந்தேன். எழுந்த பிறகும் விபூதி மணம் வந்தது. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று நாளாகிறது. ஒன்றும் ஆகவில்லை, முன்னைவிடத் தெம்பாகவே இருக்கிறேன். மகள், 'அது மூளை போடும் சத்தம்மா' என்று சண்டை போடுகிறாள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே? சிவன்மலை முருகன் கோயிலில் கனவில் உத்தரவான பொருளைத்தானே பெட்டியில் வைக்கிறார்கள்? இது முருகன் உத்தரவா, வெறும் கனவா? மீறினால் சாமி குற்றம் ஆகாதா?"

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மா,

கடிதத்தின் கீழே மகளின் எண்ணைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால் கடிதம் கிடைத்த அன்றே உங்களோடு பேசினேன். நீங்களும் அன்று மாலையே இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். மாத்திரை மறுபடி தொடங்கியாகிவிட்டது, ஆனால் மனசு இன்னும் ஒப்பவில்லை என்று பிறகு சொன்னீர்கள். அந்த மனசுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படிக்கலாம் என்பதால் அன்று போனில் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் மாத்திரை

ஸ்டென்ட் என்பது அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு உலோக வலை. அது உடலுக்கு அந்நியப் பொருள். குழாயின் உள் தோல் வளர்ந்து அந்த வலையை மூடும்வரை, அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அப்படி உறையாமல் தடுக்கத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இரண்டையும் தொடரச் சொல்வார்கள். ஆபத்து அதிகம் இருப்பது முதல் சில மாதங்களில்தான், அதிலும் முதல் மாதத்தில். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகவே வரும். நீங்கள் ஐந்தாவது வாரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நான் அன்று அவ்வளவு அவசரப்பட்டது அதனால்தான்.

"மூன்று நாளாக ஒன்றும் ஆகவில்லை" என்பதை நீங்கள் கனவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். அங்கேதான் தவறு நடந்தது. இந்த இரண்டு மாத்திரைகளும் ரத்தத் தட்டணுக்களை ஒட்ட முடியாதபடி செய்துவிடும். ஒரு தட்டணு ஏழு முதல் பத்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக, மாத்திரையை நிறுத்தினாலும் பழைய மருந்தின் வேலை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகுமே தவிர ஒரே நாளில் நிற்காது. அந்த மூன்று நாளும் உங்களைக் காப்பாற்றியது நீங்கள் அதற்கு முன்பு விழுங்கிய மாத்திரைதான்.

சரி, தெம்பாக இருந்ததே, அது எப்படி? உங்கள் மருந்துச் சீட்டில் மெட்டோப்ரோலால் இருக்கிறது. இதயத் துடிப்பைக் குறைத்து இதயத்துக்கு ஓய்வு கொடுக்கும் மாத்திரை அது. அதன் பக்கவிளைவு அசதி. நிறுத்தினால் அசதி விலகும், உடம்பு லேசாக இருக்கும். ஆனால் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்த சில நாட்களில், சிலருக்கு இரண்டு வாரம் வரைக்கும்கூட, துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறி நெஞ்சுவலி திரும்பலாம். நிறுத்த வேண்டிய தேவை வந்தாலும் மருத்துவர்கள் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

இதுபோல மாத்திரையை விட்டவர்கள், விட்ட நாட்களுக்கும் சேர்த்து மொத்தமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. எத்தனை நாள் விட்டீர்கள், எதை விட்டீர்கள் என்பதை அன்றே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்வார். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் யோசிக்க நேரம் எடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

விடியற்காலை நாலு மணி

நாம் தூங்கும்போது மூளை ஒரே நிலையில் இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அமைதியான தூக்கம் இருக்கும், கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டமும் வரும். கதை போல நீளும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் வருகின்றன. இரவின் முன்பகுதியில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். ஆகவே ஓர் இரவில் நாலைந்து முறை இந்தக் கட்டத்துக்குள் போய் வருகிறோம். ஆனால் எந்தக் கனவின் நடுவில் விழிக்கிறோமோ அதுதான் நினைவில் நிற்கும், மற்றவை அழிந்துவிடும்.

விரத நாட்களில் நாலு மணிக்கு எழுந்து குளித்து சஷ்டி கவசம் சொல்வது உங்கள் வழக்கம். அதாவது, நீளமான கனவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சரியாக விழித்திருக்கிறீர்கள். வெறும் பாலும் பழமுமாக இருக்கும்போது பசியும் தூக்கத்தைக் கலைக்கும், கலைந்த தூக்கத்தில் கனவு கூடுதலாக நினைவில் தங்கும். நம் ஊரின் பழைய கனா நூலில் எந்தச் சாமத்தில் கண்ட கனவு எவ்வளவு நாளில் பலிக்கும் என்று கணக்கே உண்டு. அதில் கடைச் சாமத்துக் கனவுதான் சீக்கிரம் பலிக்கும். விடியற்காலைக் கனவு தெளிவாகவும் அழுத்தமாகவும் இருக்கிறது என்பதை நம் முன்னோர் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கனவு தெளிவாக இருப்பதும் அது சொல்வது உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று. அந்தக் கட்டத்தில் உணர்ச்சிகளை ஆளும் மூளைப் பகுதிகள் விழிப்பில் இருப்பதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். "இது சரிதானா, எப்படி நடக்கும்?" என்று சரிபார்க்கும் நெற்றிப் பக்கத்துப் பகுதி அடங்கியிருக்கும். இறந்தவர் வந்து காபி கேட்டாலும் கனவில் நமக்குச் சந்தேகம் வராதது இதனால்தான். நீங்கள் அழுதுகொண்டே எழுந்தீர்கள், சந்தேகமே இல்லாமல் நம்பினீர்கள். அந்த அழுகை உண்மையானது, அதை நான் சிறிதும் குறைக்கவில்லை. ஆனால் சந்தேகம் வராமல் போனதற்குக் காரணம் அந்த நேரத்து மூளையின் நிலை.

எழுந்த பிறகும் வந்த விபூதி மணம் பற்றி எழுதியிருந்தீர்கள். கனவிலிருந்து விழிக்கும் சில கணங்களில் கனவின் ஒலியோ மணமோ உருவமோ தொடர்வது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. அது நோய் அல்ல. அதோடு, இரவு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் படுக்கிறேன் என்று போனில் சொன்னீர்கள். அந்த மணம் உங்கள் அருகிலேயேதான் இருந்தது.

நீங்கள் எதிர்பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு. மெட்டோப்ரோலால் மூளைக்குள் போகக்கூடிய மாத்திரை. வழக்கத்துக்கு மாறான, மிகத் துல்லியமான கனவுகள் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. ஸ்டென்ட் வைத்த பிறகு கனவுகள் அதிகமாகிவிட்டன, எல்லாமே படம் பார்ப்பது போல இருக்கின்றன என்று நீங்களே சொன்னீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்ன கனவு அத்தனை தெளிவாக வந்ததில், அந்த மாத்திரைக்கே ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

கனவின் துண்டுகள்

போனில் உங்களிடம் ஒன்று கேட்டேன்: கனவுக்கு முந்தைய வாரத்தில் வீட்டில் என்னென்ன நடந்தது? நீங்கள் யோசித்து யோசித்துச் சொன்னதை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

மகளின் ஐந்து வயது மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தீபாவளிக்கு மறுநாள் உங்கள் மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கிணற்றுப் பக்கம் போய்விடுவானோ என்று பதறிப் பின்னாலேயே போனீர்கள். அவன் உங்களை அழைப்பது "அம்மிச்சி" என்று. கனவில் வந்த குழந்தையும் "அம்மிச்சி" என்றுதான் அழைத்தான். பூஜை அறையில் பழனிக்குப் போய் வந்த பக்கத்து வீட்டார் கொடுத்த விபூதிப் பொட்டலம் இருந்தது. விரதம் என்பதால் நாள் முழுக்க முருகன் நினைவு. இதற்கெல்லாம் அடியில் ஓர் ஆசை இருந்தது: இந்த டப்பா என் வாழ்க்கையை விட்டுப் போக வேண்டும். வீட்டுக்காரருடைய டப்பா அவரைக் காப்பாற்றவில்லை என்ற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது.

கனவில் வந்த எந்தப் பொருளும் புதிது இல்லை, அம்மா. டப்பா, ஓட்டம், கிணறு, அழைத்த சொல், விபூதி எல்லாம் அந்த வாரத்து வீட்டிலிருந்தே வந்தவை. பகலில் மனதை உலுக்கியது அன்றிரவோ, ஐந்தாறு நாள் கழித்தோ கனவில் தலைகாட்டுவது தூக்க ஆய்வாளர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

"முருகன் என் பேரன் முகத்தில் வரக்கூடாதா?" என்று அப்போது கேட்டீர்கள். நல்ல கேள்வி. கனவு எந்தப் பொருள்களால் கட்டப்பட்டது, ஏன் அவ்வளவு அழுத்தமாக இருந்தது என்பதை மருத்துவம் சொல்லும். அதன் வழியே தெய்வம் உங்களைத் தொட்டதா என்பது மருத்துவத்தின் எல்லைக்குள் வரும் கேள்வியே அல்ல. உங்கள் மகள் "மூளை போடும் சத்தம்" என்றது பயத்தில் வந்த சொல். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் துக்கமும் பக்தியும் வெறுப்பும் பேரன் மேல் இருக்கும் பாசமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு காட்சியை வெறும் சத்தம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்குவது வேறு. அதற்கு வேறு சோதனை வேண்டும். இதை நான் புதிதாகச் சொல்லவில்லை, நம் மரபே அப்படித்தான் சொல்கிறது.

சிவன்மலையில் உண்மையில் என்ன நடக்கிறது

நீங்கள் சிவன்மலைக்குப் பக்கத்தில் இருப்பவர், என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அரிசியாக இருக்கலாம், மண்ணாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம். அவர் கோயிலுக்கு வந்து அதைச் சொல்கிறார். உடனே அந்தப் பொருள் பெட்டிக்குள் போய்விடுகிறதா? இல்லை. சுவாமி முன் பூ வைத்துக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் உத்தரவு, அதன் பிறகுதான் பெட்டியில் வைக்கிறார்கள். பூ வராமல் திரும்புகிறவர்களும் உண்டு. கனவு கண்டவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கனவை மட்டும் வைத்து அந்தக் கோயில் முடிவெடுப்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பெட்டியில் ஒரு பொருளை வைப்பதால் யார் உடம்புக்கும் ஆபத்து இல்லை.

இதைப் படித்ததும், "அப்படியானால் மாத்திரைக்கும் பூப் போட்டுக் கேட்டுவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்கும்போது எது வரவும் சம வாய்ப்பு. கல்யாணத்துக்கு நாள் குறிக்கவோ, வீட்டுக்கு நிலை வைக்கவோ கேட்பது வேறு. எந்தப் பூ வந்தாலும் அங்கே பெரிய கெடுதல் இல்லை. ஐந்து வார ஸ்டென்டை அப்படி வைத்து ஆடக்கூடாது. பூக் கேட்கும் பெரியவர்களும் உயிர் போகும் விஷயத்தில் வைத்தியரைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

நீங்கள் பெரிய புராணம் கேட்டு வளர்ந்தவர். பூசலார் கதையை நினைத்துப் பாருங்கள். காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருக்கிறான். இறைவன் கனவில் வந்து, "திருநின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை போகிறோம், நீ உன் நாளைத் தள்ளி வை" என்கிறார். கனவில் வந்தது சிவபெருமான் என்றுதான் மன்னன் நம்புகிறான். ஆனாலும் திருநின்றவூருக்கே நேரில் போய், பூசல் கட்டிய கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்கிறான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள். அதோடு விடாமல் பூசலாரையே கண்டு கேட்கிறான். மனதுக்குள் கட்டிய கோயில் என்று அப்போதுதான் தெரிகிறது. கனவில் கேட்டதைப் பகலில், கனவு காணாத மற்றவர்களிடம் விசாரித்துப் பார்த்தான் அந்த மன்னன். அவன் பக்தி அதனால் குறைந்ததாகச் சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை.

ஆயுர்வேதத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. சரக சம்ஹிதை கனவுகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது: பார்த்ததால் வருவது, கேட்டதால் வருவது, அனுபவித்ததால் வருவது, ஆசைப்பட்டதால் வருவது, கற்பனையால் வருவது, வரப்போவதைக் காட்டுவது, உடலின் தோஷத்தால் வருவது. இதில் முதல் ஐந்துக்கும் பலன் இல்லை என்று வைத்தியன் சொல்ல வேண்டும் என்கிறது அந்த நூல். கனவில் வருங்காலம் தெரியலாம் என்று நம்பியவர்கள்தான் இதை எழுதினார்கள். நம்பியவர்களே ஏழில் ஐந்தைத் தள்ளிவிடுகிறார்கள். பேரன் ஓடியதைப் பார்த்தீர்கள், "அம்மிச்சி" என்று கேட்டீர்கள், மாத்திரை தொலைய வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். உங்கள் கனவு எந்த வகைகளில் விழுகிறது என்று நீங்களே பாருங்கள்.

மீறினால் குற்றமா?

இதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். மாத்திரையைப் போடும்போதெல்லாம் கை நடுங்குகிறது, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விழுங்குகிறேன் என்றீர்கள்.

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே சிவன் பெயரே வைத்தியநாதர். முத்துக்குமார சுவாமியாக முருகன் இருக்கும் அதே கோயிலில் தன்வந்திரிக்கும் சந்நிதி இருக்கிறது. வைத்தியத்தைப் பகையாக நினைக்கும் சாமி இல்லை உங்கள் சாமி. விபூதி பூசிக்கொள்வதற்கும் மாத்திரை விழுங்குவதற்கும் நடுவில் சண்டை மூட்டியது அந்த ஒரு கனவு மட்டும்தான். நீங்கள் 58 வருடம் கும்பிட்ட முருகன் அதற்கு முன்பு ஒருநாளும் அப்படி மூட்டவில்லை. நெஞ்சுவலி வந்த இரவு, "முருகா" என்று சொல்லிக்கொண்டுதானே ஆம்புலன்ஸில் ஏறினீர்கள்?

கனவில் கிடைத்ததாக நீங்கள் உணர்ந்தவற்றில் கெடுதல் இல்லாததை எடுத்துக்கொள்ளுங்கள். விபூதி வைத்தான், பூசிக்கொள்ளுங்கள். குழந்தையாக வந்தான், கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்யுங்கள். "குலதெய்வம் கனவில் வந்து என்னை மறந்துட்டியான்னு கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். அது தெய்வம் சொன்னதா, குற்ற உணர்ச்சி சொன்னதா என்று தீர்த்த பிறகுதான் போக வேண்டும் என்று இல்லை. போனால் நல்லது, போகாவிட்டாலும் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கனவு மருந்தை நிறுத்தச் சொன்னால், நிச்சயித்த கல்யாணத்தை முறிக்கச் சொன்னால், நிலத்தை விற்கச் சொன்னால், யாரையாவது சந்தேகப்படச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: தப்பாகப் போனால் திருத்திக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், பகலில், விவரம் தெரிந்தவர்களோடு கலந்து பேசாமல் அதைச் செய்யக்கூடாது. உங்கள் மாத்திரை விஷயத்தில் விவரம் தெரிந்தவர் இதய மருத்துவர்.

"கனவு பலித்ததே" என்று ஊரில் கேட்கும் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வருடத்தில் நமக்கு ஆயிரத்துக்கும் மேல் கனவுகள் வருகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு பின்னால் நடப்பதோடு பொருந்தினால் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்போம். பொருந்தாததை மறுநாளே மறந்துவிடுவோம். விருப்பம் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, எத்தனை மணிக்கு விழித்தீர்கள், முந்தைய நாள் என்ன நடந்தது, இரவு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அப்புறம் கனவு. இரண்டு மாதம் எழுதினால் உங்கள் கனவுகள் எங்கிருந்து பொருள் எடுக்கின்றன என்று நான் சொல்லாமலே தெரிந்துவிடும்.

நான் கவனிக்க விரும்புவது

உங்கள் கனவை நோயாக நான் பார்க்கவில்லை. ஆனால் விழித்திருக்கும்போது குரல் கேட்டு அது கட்டளையிட்டாலோ, இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் அசதியே இல்லாமல் நாள் முழுக்கப் பரபரப்பாக இருந்தாலோ, கனவில் வருவது போலவே தூக்கத்தில் கையை வீசி உதைத்தாலோ தாமதிக்காமல் வந்து பாருங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம், வேறு சிகிச்சை.

இன்னொன்றை மகளும் படிக்க வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது எப்போதும் அழுகையாக வராது. "இனி எதற்கு இந்த மாத்திரை, போகும்போது போகட்டும்" என்ற சலிப்பாகவும் வரும். போனில் நீங்கள் இந்தச் சொற்களையே சொன்னீர்கள். வீட்டுக்காரர் போன துக்கமும் இன்னும் ஆறவில்லை. சாப்பாட்டில், கோயிலில், பேரனோடு விளையாடுவதில் இருந்த ருசி இரண்டு வாரத்துக்கு மேல் இல்லை என்றால், அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது, இதய மாத்திரைகளோடு சேர்த்தே கொடுக்கலாம். வீட்டுக்காரருக்கு என்ன நோய், அவருக்கு ஏன் மாத்திரை போதவில்லை என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் நோய் வேறு, உங்களுடையது வேறு என்று புரிந்தால் அந்த டப்பா மேலிருக்கும் வெறுப்பு கொஞ்சம் தணியும்.

மகளிடம், "கனவைக் கேலி பண்ணாதே, நான் மாத்திரையை விட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் அந்தச் சண்டைக்கு வேலை இருக்காது.

அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். மெட்டோப்ரோலால் தொடங்கியதிலிருந்து கனவுகள் அதிகம், அந்த மாத்திரையின் வேளையையோ மாத்திரையையோ மாற்ற முடியுமா? மூளைக்குள் குறைவாகப் போகும் அதே வகை மாத்திரைகள் உண்டு, ஆனால் மாற்றுவது அவர் முடிவு. இரண்டாவது, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் எந்த மாதம் வரைக்கும் என்று தேதி போட்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவு தெரியாத மாத்திரைதான் பாரமாகத் தெரியும். மூன்றாவது, விரதம். வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கலாம். பட்டினியோடு மெட்டோப்ரோலால் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். மாதச் சஷ்டிக்கும் கார்த்திகைக்கும் எந்த அளவு விரதம் இருக்கலாம், மாத்திரையை எதோடு சாப்பிடலாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு அதன்படி இருங்கள். நிறுத்தியதற்கான காரணத்தையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். கனவு என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலையே காட்டுங்கள்.